மிஞ்சிப்போன பத்து ரூபாய்

ஹட்டன் டவுனில் ஒரு தையல்காரர் தன் பழைய மிஷினை நூற்றைம்பது ரூபாய்க்குத் தருவதாகச் சொல்லியிருந்தார். அதற்காகத்தான் அந்த மாதம் சீட்டு ஏலத்தில் உட்கார்ந்தேன்.

எங்கள் தேயிலைத் தோட்டத்துத் தபால்காரர்தான் சீட்டுப் பிடித்தார். இருபது பேர், ஆளுக்குப் பத்து ரூபாய், மொத்தம் இருநூறு. அதில் யார் அதிகம் விட்டுக்கொடுத்துத் தள்ளிக் கேட்கிறாரோ அவருக்குச் சீட்டு. தள்ளிய தொகையில் தபால்காரருக்குக் கமிஷன் பத்து ரூபாய். மீதி இருபது பேருக்கும் சமபங்கு.

எங்கள் லயத்து வரிசை வீட்டில் பக்கத்துக் காம்பராக்காரி முப்பத்தெட்டு வரை வந்தாள். நான் நாற்பது என்றேன். சீட்டு எனக்கு விழுந்தது.

மற்றவர்களிடம் வசூல் முடிந்ததும் தபால்காரர் துண்டுச்சீட்டு ஒன்றை அனுப்பினார். அதில் என் கைக்கு நூற்று நாற்பத்தொன்றரை ரூபாய் என்றிருந்தது. மிஷினுக்கு எட்டரை ரூபாய் குறைந்தது.

தேயிலைப் பெட்டியின் ஈயத்தாள் ஒன்றில் கணக்கைப் போட்டேன். நாற்பதில் கமிஷன் பத்து போக முப்பது. இருபது பேருக்குப் பிரித்தால் தலைக்கு ஒன்றரை. எடுத்த எனக்கும் அந்தப் பங்கு உண்டு. ஆக, பத்தில் அது போக ஆளுக்குக் கட்ட வேண்டியது எட்டரை. எனக்கு வர வேண்டியது நூற்றறுபது. என் எட்டரையைக் கழித்தால் நூற்று ஐம்பத்தொன்றரை. இரண்டு தடவை போட்டேன். பத்து ரூபாய் இடித்தது.

"விட்டுருடி. அவரப் போய்க் கேட்டா நம்ம மேலதான் பழி வரும்," என்றார் என் வீட்டுக்காரர்.

எனக்கும் பயம்தான். ஆனாலும் மறுநாள் தேயிலை ஸ்டோரில் வேலை முடிந்ததும், தபால்காரர் வீட்டு வாசலில் போய் நின்றேன்.

"அண்ணே, கோவிச்சுக்காதீங்க. இருவது எட்டரை நூத்தி எழுவது. அதுல ஒங்க கமிஷன் பத்து போனா நூத்தி அறுவதுதானே? நீங்க நூத்தி அம்பதுல இருந்து என்னோட எட்டரைய கழிச்சிருக்கீங்க."

அவர் துண்டுச்சீட்டை வாங்கி, உதடு அசைய வாசித்தார். பிறகு சத்தமாக மூச்சு விட்டார்.

"அட, கமிஷன ரெண்டு தரம் எடுத்துட்டேனா! தகர டப்பாவுல பத்து ரூவா மிச்சமா கெடக்கு தங்கச்சி. யாரோ ரெண்டு தடவ கட்டிட்டாங்கன்னு நேத்துலருந்து லயம் லயமா விசாரிச்சுக்கிட்டு இருக்கேன். ஊர் என்ன பேசும்னு சோறு எறங்கல."

அவர் முகம் தெளிந்துவிட்டது. தப்பை அடித்து, புதிதாக எழுதிக் கையெழுத்துப் போட்டு, பணத்தை என் முன்னாலேயே இரண்டு முறை எண்ணித் தந்தார். தேத்தண்ணி குடிக்காமல் போக விடமாட்டேன் என்றார் அவர் மனைவி.

ஞாயிற்றுக்கிழமை ஹட்டனுக்குப் போய் மிஷினை வாங்கினோம். மிச்சமிருந்த ஒன்றரை ரூபாய்க்கு நூலும் ஊசியும் வாங்கச் சொன்னது என் வீட்டுக்காரர்தான்.