ஒரு நிமிஷம் பேசி அனுப்புங்க

பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று அவளுக்கு இருந்தது. அதைச் சொல்லிக் கூப்பிடத்தான் ஆளில்லை. படுத்த படுக்கையாகக் கிடப்பவர்களை வீட்டோடு தங்கிப் பார்த்துக்கொள்வது அவள் தொழில். அதனால் தெரிந்தவர்களுக்கெல்லாம் அவள் கட்டிலக்கா. புருஷன் போய்ச் சேர்ந்த பிறகு வாடகை அறையை விட்டுவிட்டாள். அன்றிலிருந்து நோயாளி இருக்கிறவரைதான் அவள் தலைக்கு மேல் கூரை. ஒரு வீட்டில் சாவு விழுந்தால் அடுத்த வீடு அமைகிற வரை பையோடு அண்ணன் வீட்டு வாசலில் போய் நிற்க வேண்டும். அண்ணி வாயால் ஒன்றும் சொல்ல மாட்டாள், பாத்திரங்கள்தான் சத்தம் போடும்.

ஆள் அனுப்பும் ஏஜென்சியில் இருந்தவரை வேலை தானாக வந்தது. அவர்கள் அனுப்பிய வீடுகளில் பட்ட அவமானம் போதும் என்று வெளியே வந்தபோதுதான் ஒன்று புரிந்தது. இந்தத் தொழிலில் ஒரு வீட்டுக்காரர் இன்னொரு வீட்டுக்காரரிடம் சொன்னால்தான் உண்டு. அழுத பிள்ளைக்குத்தான் பால். ஆனால் எப்போது அழுவது?

முதல் வீட்டிலேயே வாயைக் கொடுத்து வாங்கிக் கட்டிக்கொண்டாள். பெரியவருக்கு மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது. மகள் இவள் கையைப் பிடித்து, "பெத்த பொண்ணு நான்கூட இப்படிப் பாக்கலக்கா" என்று கண் கலங்கினாள். கட்டிலக்காவுக்கு அந்த நேரம் பார்த்துப் புத்தி புல் மேயப் போய்விட்டது. "அப்படின்னா நாலு பேர்கிட்ட என்னைப் பத்திச் சொல்லும்மா" என்றாள். மகள் கையை எடுத்துக்கொண்டாள். "எங்கப்பா இன்னும் உயிரோடதான் இருக்காரு." அவ்வளவுதான். அந்த மகள் பிறகு நாலு பேரிடம் சொல்லத்தான் செய்தாள், எப்போது சாவு விழும் என்று காத்திருக்கிறவள் இவள் என்று.

இடம் பொருள் ஏவல் என்று சும்மாவா சொன்னார்கள். அடுத்து இருந்த வீடுகளில் காரியம் முடிந்த பிறகு கேட்டுப் பார்த்தாள். யாரும் போனை எடுக்கவில்லை. செத்த வீட்டில் கட்டிலையும் அவளையும் சேர்த்தே மறந்துவிடப் பார்ப்பார்கள். முன்னாலும் கேட்கக் கூடாது, பின்னாலும் கேட்கக் கூடாது. நோயாளி தேறுகிற ஒரு நல்ல நாள் வரும், அவர்களே வாய்விட்டுப் பாராட்டுவார்கள். அன்றைக்கு, அந்தச் சூட்டோடு, சின்னதாகக் கேட்க வேண்டும். முடியாது என்று சொல்லவும் வழி விட்டுக் கேட்க வேண்டும். பட்டுத் தெரிந்துகொண்ட பாடம் இது.

இப்போது இருந்த வீட்டில் அம்மாவுக்குப் பக்கவாதம். தையல் கடை வைத்து, பத்துப் பெண்களை மிரட்டி வேலை வாங்கிய மனுஷி. வலப்பக்கம் விழுந்துவிட்டது, பேச்சு குழறியது. இடுப்பில் உள்ளங்கை அகலத்துக்குப் படுக்கைப் புண். ஆஸ்பத்திரியிலிருந்தே அதோடுதான் வந்தார். கட்டிலக்கா இரண்டு மணிக்கொரு தடவை புரட்டிப் படுக்க வைத்தாள், உப்புநீரில் கழுவிக் கட்டு மாற்றினாள், துணி ஈரமாகக் கிடக்க ஒரு நிமிஷம்கூட விடவில்லை. "அடுத்த மாசம் நடந்துடுவீங்கம்மா" என்று மகன் தினமும் சொல்வான். டாக்டர் சொல்லியிருந்ததோ வேறு. இனி எழுந்திருக்க மாட்டார், இதயமும் பலவீனம், நாள் அதிகமில்லை. அது மகனுக்கும் கட்டிலக்காவுக்கும் மட்டும் தெரியும்.

ஒரு காலை டாக்டர் வந்து பார்த்துவிட்டு, புண் முழுதாக ஆறிவிட்டது, வீட்டில் வைத்து இப்படி ஆறி நான் பார்த்ததில்லை என்றார். அவரை வழியனுப்பிவிட்டு வந்த மகனுக்கு முகமெல்லாம் சிரிப்பு. "அக்கா, உங்களுக்கு எப்படி நன்றி சொல்றதுன்னே தெரியல."

நேரம் வந்துவிட்டது என்று அவள் மனசு சொன்னது.

"சின்ன உதவி தம்பி. இந்தப் புண்ணு எப்படி இருந்தது, எப்படி ஆறுச்சு, இதை மட்டும் போன்ல பேசி எனக்கு அனுப்புறீங்களா? ஒரே நிமிஷம் போதும். உங்க பேரு, அம்மா பேரு எதுவும் வேணாம். யாராவது விசாரிச்சா போட்டுக் காட்டுவேன். சங்கடமா இருந்தா விட்டுடுங்க, ஒண்ணும் நினைக்க மாட்டேன்."

"இதுல என்னக்கா சங்கடம், இப்பவே பேசிடறேன்" என்று போனை எடுத்தான்.

கேட்டதில் குறையே இல்லை. எங்கே வைத்துப் பேச வேண்டும் என்று மட்டும் சொல்லவில்லை, பாவி. அம்மா கண்ணை மூடியிருந்தார். மகன் கட்டில் காலருகே நின்றபடியே பேசினான். புண்ணைப் பற்றிச் சொன்னான், அவள் பொறுமையைச் சொன்னான். பிறகு நன்றியின் வேகத்தில் வாய் ஓடிவிட்டது. "அம்மா இனிமே எழுந்திருக்க மாட்டாங்க, சில மாசம்தான்னு டாக்டர் சொல்லிட்டாரு. ஆனா அந்தச் சில மாசமும் வலியில்லாம இருப்பாங்க. அதுக்கு இந்த அக்காதான் காரணம்."

கட்டிலக்கா பதறிக் கையை ஆட்டினாள். அவன் அதற்குள் அனுப்பிவிட்டு, ஆபீசுக்கு நேரமாச்சு என்று கிளம்பிப் போனான்.

திரும்பிப் பார்த்தால் அம்மாவின் கண் திறந்திருந்தது. அம்மா கேட்டுவிட்டது மகனுக்குத் தெரிந்தால் இன்றே பையைத் தூக்க வேண்டியதுதான். அதைவிட, இந்த மனுஷி நம்பிக்கொண்டிருந்த ஒன்றைத் தன் பிழைப்புக்காகப் பிடுங்கிவிட்டோமே என்று கட்டிலக்கா தன்னையே நொந்துகொண்டாள்.

"அதை இன்னொரு தடவ போடு" என்றார் அம்மா.

"வேணாம்மா."

"போடுன்னா போடு." கடைக்காரி குரல். போட்டாள். கடைசி வரை கேட்டுவிட்டு, அம்மா சுவரைப் பார்த்தார். மத்தியானம் சாப்பிடவில்லை. புரட்டிப் படுக்க வைத்தபோது இடக்கை மட்டும் அவள் புடவையை இறுகப் பிடித்துக்கொண்டது.

சாயங்காலம் உடம்பு துடைத்துவிடும்போது அம்மாவே பேசினார். "என் பையன்கிட்ட கேட்ட. புண்ணு யாருக்கு?"

இத்தனை வருஷத்தில், இத்தனை கட்டில்களில், படுத்திருந்த ஒருத்தரிடம்கூட அவள் கேட்டதில்லை. பாராட்டு வீட்டுக்காரர்களிடம் வாங்குவது, உடம்பு நோயாளியுடையது என்றே பழகிவிட்டது.

"போனை வாய்கிட்ட வை."

வைத்தாள். குழறலாக, நிறுத்தி நிறுத்தி, ஆனால் ஒவ்வொரு சொல்லும் விளங்குகிற மாதிரி அம்மா சொன்னார். "நான் நடக்க மாட்டேன். இன்னைக்குத்தான் தெரிஞ்சுது. பயமா இருக்கு. இவ தொடும்போது மட்டும் பயம் இல்ல. இவகிட்ட விட்டா பயப்படாம சாகலாம்." போனைத் தள்ளினார். "யாருக்கு வேணாலும் போடு. அவன் காதுல மட்டும் விழ வேணாம். நான் நடப்பேன்னு அவன் நினைச்சுக்கட்டும்."

மறுநாளும் மகன், "அடுத்த மாசம் நடந்துடுவீங்கம்மா" என்றான். "ஆமாடா" என்றார் அம்மா. கட்டிலக்கா துணி மடிக்கிற சாக்கில் திரும்பிக்கொண்டாள்.

அம்மா போய்ச் சேர்ந்தது மழைக்காலத்தில். கட்டிலக்கா பையோடு அண்ணன் வீட்டுக்கு வந்தாள். பாத்திரங்கள் சத்தம் போட்டன. மகன் பேசியதைக் கேட்டு இரண்டு வீடுகளில் விசாரித்தார்கள், பார்க்கலாம் என்று சொல்லி விட்டுவிட்டார்கள். அம்மா பேசியதை அவள் யாருக்கும் போடவில்லை. சாவு என்கிற சொல் இருக்கிற சிபாரிசை எந்த வீட்டுக்காரர் கேட்பார்? தூக்கி எறிந்துவிட மாட்டார்களா?

பிறகு ஒருநாள் போனில் ஓர் ஆண்குரல் கூப்பிட்டது. மூச்சு வாங்கிக்கொண்டே பேசியது. "என் மருமக உங்க நம்பரு குடுத்தா. அந்தப் பையன் பேசினதையும் கேட்டேன்."

"நோயாளி யாருங்க?"

"நான்தான். எனக்கு நுரையீரல்ல புத்துநோய்." கொஞ்ச நேரம் இருமினார். "மகன் சொன்னது சரி. படுத்திருந்தவங்க என்னம்மா சொன்னாங்க?"

"அனுப்புறேன், கேட்டுப் பாருங்க" என்றாள் அவள். பிறகு போனை வைத்துவிட்டு, அம்மாவின் குரலை அவருக்கு அனுப்பினாள். வெகுநேரம் பதில் இல்லை. இதுவும் போச்சு என்று அவள் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

திரும்பக் கூப்பிட்டபோது அந்த மனிதர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"நாளைக்கே வந்துடுறீங்களா?"