ஒரே தெருவில் இரண்டு குழாய்

எண்பதுகளின் தொடக்கத்தில் விளாங்குடியில் நாங்கள் வீடு கட்டியபோது எங்கள் தெருவுக்குப் பஞ்சாயத்துத் தண்ணீர் வரவில்லை. முனை வீட்டுக்காரர் போர் போட்டு, தெரு நெடுகக் குழாய் பதித்து, மாதச் சந்தாவுக்குத் தண்ணீர் விட்டார். வேறு ஆள் இல்லாததால் அவர் வைத்ததுதான் சட்டம். தண்ணீர் கலங்கலாக வருகிறது என்று நான் நாலு பேரிடம் சொன்னது அவர் காதுக்குப் போய்விட்டது. மறுநாள் என் மகளுக்குச் சடங்கு. வீடு நிறைய ஆட்கள் இருக்கும்போது எங்கள் வீட்டு வால்வை அடைத்துவிட்டார். கேட்கப் போனேன். என்னை வாசலில் நிறுத்திவைத்துப் பேப்பரைக் கடைசிப் பக்கம் வரை படித்தார்.

"கலங்கல் தண்ணி வேணாம்னீகளாமே டீச்சர்?"

அன்று வந்த ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை. இனி இந்த ஆளிடம் கையேந்துவதில்லை என்று பி.எஃப். கடன் வாங்கி நானும் போர் போட்டேன். தெருவின் மறு ஓரத்தில் என் குழாய் போயிற்று.

அவருடைய சொந்தக்காரர்கள் அவரிடமே இருந்தார்கள். எங்கள் வகையறா என்னிடம் வந்தது. இருபது வீடு இருந்த தெருவில் ஒன்றுவிட்டு ஒன்று அவருக்கும் எனக்கும். ஆனால் கடைசி வீடு வரை இரண்டு பேரும் குழாய் போட்டாக வேண்டும். நான் சந்தாவைக் குறைத்தால் அவரும் குறைத்தார். பள்ளிக்கூடத்தில் கணக்குப் போதிக்கிற எனக்கே இந்தக் கணக்கு தாமதமாகத்தான் உறைத்தது. தண்ணீருக்கு ஆகும் செலவு கொஞ்சம். மண்ணுக்குள் கிடக்கும் குழாய்க்குத்தான் பணம். அது பத்து வீட்டுக்குப் போனாலும் இருபது வீட்டுக்குப் போனாலும் அதே செலவுதான்.

கோடையில் அவர் மோட்டாரின் கம்பிச்சுருள் கருகி, மோட்டார் நின்றுபோயிற்று. சரிசெய்ய அவரிடம் காசில்லை. அதே வாரம் என் குழாய் உடைந்தது. என்னிடமும் இல்லை. இருபது வீடும் குடத்தைத் தூக்கிக்கொண்டு அலைந்தன.

தெரு கூடியது. எதிர்வீட்டு மில்காரர்தான் பேசினார். "இம்புட்டூண்டு தெருவுக்கு ஒரு குழா போதும்ணே. ஆனா ரேட்டையும் நேரத்தையும் தெருதான் சொல்லும்."

முனை வீட்டுக்காரரின் குழாய் பெரியது, அதையே வைத்துக்கொண்டார்கள். என் போரை அதில் இணைத்தார்கள். என் குழாய் மண்ணோடு போயிற்று. அவரை நம்பாததால் வால்வுச் சாவியை என்னிடம் கொடுத்தார்கள். சொல்லப்போனால், பெருமையில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

ஒரு நாள் காலை ஆறேகாலுக்கு அவர் என் வாசலுக்கு வந்தார்.

"டீச்சர், ஆறு மணிக்குத் தொறக்கணும்ல. மருமக புள்ளத்தாச்சி, வீட்ல சொட்டுத் தண்ணி இல்ல."

"வாரேன்" என்றேன், தலை நிமிராமல். பரீட்சைத்தாள் கட்டு பாதி மீதி இருந்தது. அதை முழுக்கத் திருத்தி முடித்துவிட்டுத்தான் நிமிர்ந்தேன். அவர் அங்கேயே நின்றுகொண்டிருந்தார். கோபப்படக்கூட இல்லை. அன்றைக்கு நான் நின்ற மாதிரியே நின்றார். எனக்குக் கூசிப்போயிற்று.

சாவி மாதம் ஒரு வீட்டில் இருக்கட்டும் என்று அன்று சாயங்காலமே தெருவில் நானே போய்க் கேட்டுக்கொண்டேன்.