'மாதிரி' இருந்தவரைக்கும்

காலை பத்து நாற்பது. முதலில் கண்ணில் பட்டது தமிழாசிரியையின் சுண்ணக்கட்டி. மங்கலம் அருகே ஒரு பெண்கள் பள்ளியின் பத்தாம் வகுப்பில், எங்கள் பத்திரிகையின் மாணவர் பக்கத்துக்காகக் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன்.

"அவள் பேச்சு தையல் மெஷின் போல ஓடுகிறது" என்று ஆசிரியை பலகையில் எழுதினார். பேச்சு உவமேயம், மெஷின் உவமானம், 'போல' உவம உருபு என்று விளக்கிவிட்டு, "நீங்க ஒண்ணு சொல்லுங்க" என்றார்.

முன்வரிசைப் பெண் பக்கத்தில் இருந்தவளைக் காட்டினாள். "இவங்கப்பா குடிச்சுப்போட்டு நாய் மாதிரி ரோட்டுல கெடப்பாருங்க டீச்சர்."

வகுப்பு சிரித்தது. அந்த மகள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"வீட்டு ஆளுங்களை இழுக்கக் கூடாது" என்று அதட்டிய ஆசிரியை, பேச்சை மாற்ற உருவகத்துக்குப் போனார். "உவமையில இது அது மாதிரின்னு சொல்றோம். உருவகத்துல மாதிரி கிடையாது. இதுவே அதுதான்."

"அப்ப இவங்கப்பன் நாயிங்க டீச்சர்!" என்றாள் அதே முன்வரிசைப் பெண்.

குனிந்திருந்தவள் எழுந்தாள். அவள் அம்மா வீட்டில் பனியனுக்குப் பிசிறு நூல் வெட்டுபவர்; அதற்கான சின்னக் கத்தரி, டிரிம்மர், இவள் பையில் இருந்தது. அதை எடுத்து, சொன்னவளின் கண்ணுக்குக் கீழே குத்தி இழுத்தாள். வெள்ளைத் துப்பட்டா ரத்தத்தில் நனைந்தது. மறுபடி ஓங்கிய கையை மூன்று பேர் சேர்ந்து பிடித்தோம்.

தலைமையாசிரியை அறையில் அவள் சொன்னது இவ்வளவுதான்: "மாதிரின்னப்ப சும்மாதானுங்க இருந்தேன்."

மற்றவளுக்குக் கன்னத்தில் ஆறு தையல் போட்டார்கள். கண்ணுக்கு ஒன்றும் ஆகவில்லை.