ரி பட்டனை அமத்திப் பாருங்கோ

என்ரை மனுசன் எமில்ராஜுக்குக் கோபம் வராது. அவருக்கும் சேர்த்து எனக்குத்தான் வரும். இருவத்திரண்டு வருசமாய்க் குருநகரிலை வயறிங் வேலை. ஒரு வீட்டிலை வேலை முடிஞ்சால், மீற்றரிலை இருந்து கடைசிப் பிளக் வரைக்கும் திரும்ப ஒருக்காப் பாத்திட்டுத்தான் தேத்தண்ணி குடிப்பார். ஆள் கதை குறைவு. அதாலை எங்கடை பேஸ்புக் பக்கத்திலை படம் போட்டு எழுதிறது நான்தான்.

இறால் வாங்கி விக்கிற மார்கிரட் அக்கா வீட்டிலை, போன வருசம் ட்ரிப் சுவிட்ச் ஒவ்வொரு நாளும் விழுந்துது. எமில் போய்ப் பாத்தார். "அக்கா, பிறீசரிலை கறண்ட் ஒழுகுது. ட்ரிப் விழுறது உங்களைக் காப்பாத்தத்தான். முதல் பிறீசரைத் திருத்துங்கோ" எண்டார்.

அக்காவுக்கு இறால் பழுதாகிற அவசரம். ஊரிலை வயறிங் செய்யிற மற்ற ஆள் கனிசியஸைக் கூப்பிட்டா. அந்த நாசமாப் போவான் எர்த் வயரைக் கழட்டி, ட்ரிப்புக்குள்ளாலை போற வயரை வெளியாலை நேரே குடுத்திட்டு, ட்ரிப்பைச் சும்மா அலங்காரத்துக்கு விட்டிட்டான். பிறகு எங்கை விழும்? "பாத்தியளே, எமிலுக்கு வேலை தெரியாது" எண்டு ஊரெல்லாம் கதைச்சுத் திரிஞ்சான். பத்து வருசமாய் எமில் செய்த கோயில் திருநாள் லைற் வேலையைக் கமிற்றி தூக்கி அவனிட்டைக் குடுத்திது. என்ரை வயிறு பத்தி எரிஞ்சுது.

ஒரு மாதம் போகேல்லை, ஈரக் கையோடை பிறீசரைத் திறந்த மார்கிரட் அக்காவைக் கறண்ட் தூக்கி எறிஞ்சிட்டுது. றப்பர் செருப்பு போட்டிருந்த புண்ணியத்திலை உயிர் தப்பினா. திரும்ப எமிலைத்தான் கூப்பிட்டினம். அவர் ட்ரிப் பெட்டியைக் கழட்ட, நான் உள்ளுக்கை கிடந்த கூத்தைப் படம் எடுத்தன். அங்கையே நிண்டு எழுதினன்: "இந்தக் கொலைகார வேலை பாத்தவன் கனிசியஸ்."

எமில் ஃபோனை வாங்கி அழிச்சிட்டார்.

"பேர் எழுதினால் அது சண்டை, ஜெசி."

"எனக்குச் சண்டைதானப்பா வேணும்! உங்களுக்கு ரோசமே இல்லையே?"

"அவன் இந்த ஒரு வீட்டிலை மட்டுமே உப்பிடிச் செய்திருப்பான்? ட்ரிப்பிலை இருக்கிற ரி பட்டனைப் பற்றி எழுது. மிச்சத்தைச் சனமே பாக்கும்."

அடக் கள்ள மனுசா எண்டு நினைச்சன். கோபமே வராது எண்டு நான் நம்பிக்கொண்டிருந்த ஆள், என்னைவிடப் பெரிய வன்மத்தை உள்ளுக்கை வைச்சிருந்திருக்கிறார். கனிசியஸின்ரை பேரும் இல்லாமல், ஏச்சும் இல்லாமல் இப்பிடி எழுதினன்:

"உங்கடை ட்ரிப் சுவிட்சிலை ரி (T) எண்டு எழுதின சின்னப் பட்டன் இருக்கு. மாதம் ஒருக்கா, காய்ஞ்ச கையாலை அமத்துங்கோ. சுவிட்சின்ரை பிடி உடனை கீழை விழவேணும், வீட்டிலை லைற்றும் ஃபேனும் நிக்கவேணும். பிறகு பிடியை மேலை தள்ளிவிடலாம். பிடி விழாட்டில், இல்லாட்டில் விழுந்தும் லைற் எரிஞ்சால், உங்களுக்குக் காவல் இல்லை. மெயினை நிப்பாட்டிப்போட்டுத் தெரிஞ்ச ஒருத்தரைக் கூப்பிடுங்கோ. கூப்பிட்டால் நாங்களும் வருவம். எமில், குருநகர்."

மூண்டு நாளிலை பதினொரு வீடு கூப்பிட்டுது. பதினொண்டும் கனிசியஸ் கை வைச்ச வீடு. கமிற்றித் தலைவர் றஞ்சித் அண்ணையும் தன்ரை வீட்டிலை அமத்தியிருக்கிறார், பிடி அசையேல்லை. "இந்த முறை லைற் வேலையை எமிலே செய்யட்டும்" எண்டு அவரே வந்து சொல்லிட்டுப் போனார். அப்பவும் எனக்கு ஆறேல்லை.

நாலாம் நாள் காலமை ஒரு மனுசி கூப்பிட்டா. "பிள்ளை, பக்கத்து வீட்டுப் பெட்டை வாசிச்சுக் காட்டினவள். நானும் அமத்தினன், விழேல்லை. எமில் தம்பியை ஒருக்கா வரச் சொல்லுறியோ?"

ஆரெண்டு கேட்டன். சின்னத்தங்கம் மாமி. கனிசியஸைப் பெத்தவ!

ஒரு நாளும் வேலைக்குப் போகாத நான் அண்டைக்கு எமிலின்ரை மோட்டச்சைக்கிளிலை முதல் ஆளாய் ஏறி இருந்தன். அங்கை போனால், கனிசியஸ் முற்றத்திலை நிண்டு "அம்மா, உவையை ஏன் கூப்பிட்டனி?" எண்டு கத்துறான். மாமி காதிலை போடேல்லை.

எமில் மெயினை நிப்பாட்டி, பெட்டியைக் கழட்டினார். அதே கூத்து. கிணத்து மோட்டருக்குள்ளை கறண்ட் ஒழுக்கு. அது ட்ரிப்பை விழுத்த, பெத்த தாய் வீடெண்டும் பாராமல் வயரை நேரே குடுத்திருக்கிறான். எமில் மோட்டர் வயரைப் பிரிச்சு வைச்சு, மிச்சத்தை ட்ரிப்புக்குள்ளாலை ஒழுங்காய்க் குடுத்து, மெயினைப் போட்டார். ஒரு சொல்லுச் சொல்லேல்லை. அவர் சொல்லாட்டில் நான் விடுவனே?

"கனிசியஸ் அண்ணை, நீங்களே ஒருக்கா அமத்திப் பாருங்கோவன்."

தாய் பாத்துக்கொண்டு நிக்கிறா. அவன் வந்து அமத்தினான். டக்கெண்டு பிடி விழுந்துது. ஃபேன் மெல்ல மெல்லச் சுத்தி நிண்டுது. மாதாவாணை, என்ரை நெஞ்சு குளிர்ந்துபோச்சு.

மாமி மோனைப் பாத்தா.

"அப்ப, இவ்வளவு நாளும் ஈரக் கையோடை நான் அந்த மோட்டரைப் போடேக்கை, உனக்குத் தெரியுமோடா?"