அளவு ஜாக்கெட்

ஸ்ரீரங்கத்துத் தெருக்களின் கதையைப் பேச ஒரு கல்லூரியில் கூப்பிட்டிருந்தார்கள். ஐம்பத்து மூன்று வயதில் அதுதான் எனக்கு முதல் மேடை. திரையில் ஊர்ப்படத்தைக் கையால் தொட்டுக் காட்டிப் பேசவேண்டும். வீட்டுச் சுவரில் படத்தை ஒட்டி ஒத்திகை பார்த்தேன். தெற்குச் சித்திரை வீதியைத் தொட முடிந்தது. மேலே, வடக்கு வீதிகளுக்குக் கை ஏறவில்லை. கையில் வலி ஒன்றும் இல்லை. ஜாக்கெட்தான் விடவில்லை.

மகள் என்னைத் திருச்சி என்.எஸ்.பி. ரோட்டுத் துணிக்கடைகளுக்கு அழைத்துப் போனாள். நீளமான குர்தாக்களை மாட்டிப் பார்த்தேன். மார்புக்குச் சரியாக இருந்தது தோளில் வழிந்தது. தோளுக்குச் சரியானது இடுப்பில் பிடித்தது. பக்கவாட்டில் நீளமாக வெட்டுவிட்ட நீலக் குர்தா ஒன்று மட்டும் சொன்னபடி கேட்டது. பஸ்ஸில் போய்வர அதை வாங்கிக்கொண்டேன். ஆனால் மேடைக்கு என் சுங்குடிப் புடவைதான் என்பதில் மாற்றமில்லை.

பெரிய அளவில் ஜாக்கெட் தைத்தால் போதும் என்று நினைத்து ஒன்று தைத்தும் பார்த்தேன். கையைத் தூக்கினால் ஜாக்கெட் முழுவதும் கூடவே மேலே ஏறியது.

கடைசியில் ராஜகோபுரத்துக்குப் பக்கத்தில் தையல்கடை வைத்திருக்கும் என் பள்ளித் தோழியிடம் போனேன். வழக்கம்போல அளவு ஜாக்கெட்டை நீட்டினேன். அது எதைப் பார்த்துத் தைத்தது என்று கேட்டாள். போன தீபாவளி ஜாக்கெட்டைப் பார்த்து. அது? மகள் காதுகுத்துக்குத் தைத்ததைப் பார்த்து. இப்படியே பின்னால் போய்க் கல்யாண ஜாக்கெட்டில் நின்றேன். இடையில் பக்கத் தையலைப் பிரித்துவிட்டதைத் தவிர எதுவும் மாறவில்லை. ஓலைச்சுவடியைப் படியெடுப்பவர் முதல் படியின் பிழையையும் சேர்த்தே எழுதுவதுபோல, கையை இணைக்கும் கைக்குழியும் கையின் சுற்றளவும் அப்படியே வந்திருந்தன.

"உனக்கு அம்பத்திமூணு ஆச்சுடி. உன் கை இன்னும் கல்யாணப் பொண்ணா இருக்கணுமா?" என்று சிரித்தாள்.

"சின்ன வயசுப் பொண்ணுங்க போடற மாதிரி தைச்சுடாதே."

"முழங்கை வரைக்கும் கை, கழுத்து அகலமா. இப்ப எல்லாரும் போடறதுதான். உனக்கும் வசதி. கையைத் தூக்கு."

நாடா என் தோள், மேல்கை, முதுகு என்று சுற்றிவந்தது. கைக்குழியை அக்குளுக்கு நெருக்கமாக மேலே வைத்து, கையின் மேல்பாகத்தை அகலமாக வெட்டுவதாகச் சொன்னாள். கைக்குழி கீழே இறங்கினால்தான் கை தூக்கும்போது ஜாக்கெட்டை இழுக்குமாம். இத்தனை வருஷம் நான் எதிர்மாறாக நினைத்திருந்தேன்.

மறுவாரம் கடைக் கண்ணாடி முன் புதியதைப் போட்டுக்கொண்டு நின்றேன். முதுகு மடிப்பில்லாமல் படிந்திருந்தது.

"இப்ப காட்டு, உன் தெருவையெல்லாம்."

கண்ணாடியையே படமாக நினைத்துக் கையைத் தூக்கினேன். வடக்குச் சித்திரை வீதி. வடக்கு அடையவளஞ்சான் வீதி. கை நிற்கவில்லை. ஊரைத் தாண்டி, படத்தின் உச்சியில் ஓடும் கொள்ளிடம் வரை போனது. ஜாக்கெட் அசையவே இல்லை. இது என் கைதானா என்று பார்த்துக்கொண்டே நின்றேன். அதைக் கீழே இறக்க எனக்கு மனமே வரவில்லை.