ஏட்டையாவின் பதினாறு வருஷத் தொந்தி

ஏட்டு நல்லகாமன் வாயைக் கொடுத்து வம்பை வாங்கினார். 1938-இல், மதுரை போலீஸ் மைதானத்தில் புது இன்ஸ்பெக்டர் அனந்தராமன் தொந்திக்காரர்களை வரிசையாக நிறுத்தி, "ரெண்டு மாசத்துல உடம்பைக் குறைக்காதவன் வீட்டுக்குப் போகலாம்" என்றார். மற்றவர்கள் தலை கவிழ்ந்து நிற்க, ஏட்டு மட்டும் ரோஷப்பட்டு, பக்கத்தில் நின்ற கான்ஸ்டபிள் மருதுவைக் காட்டினார்.

"இவன் எம்புட்டுக் குறையிறானோ, அம்புட்டு நானும் குறையிறேங்கய்யா!"

வேலை போனால் போலீஸ் லைன் வீடும் போகும் என்பது அப்போது மண்டையில் ஏறவில்லை.

மருதுவின் சதை நேற்று வந்தது. கால் ஒடிந்து, அலங்காநல்லூர் மாமியார் வீட்டில் நாலு மாதம் படுத்தபடியே கறியும் நெய்யும் தின்று ஏற்றியது. ஏட்டின் தொந்தியோ பதினாறு வருஷத்துச் சம்பாத்தியம்.

இருவருக்கும் ஒரே கம்பங்கூழ், ஒரே ஓட்டம். வாராவாரம் ரயில்வே பார்சல் ஆபீஸ் தராசில் ஏறினார்கள். ஆறு வாரத்தில் மருது பதினெட்டு ராத்தல் இறங்கிவிட்டான். ஏட்டு முதல் வாரம் நாலு இறங்கினார். அப்புறம் அரை, கால், அதற்கப்புறம் தராசு முள் அசையவில்லை. முட்டி வீங்கியது. ஏட்டையா ஒளித்துத் தின்கிறார் என்று லைன் முழுக்கச் சிரித்தார்கள். பாவி மனுஷன், தண்ணீரைக் குடித்துக் குடித்து வயிற்றை ஏமாற்றிக்கொண்டிருந்தார்.

போலீஸ் ஆஸ்பத்திரி டாக்டர் விஸ்வேஸ்வரன் முட்டியை அழுத்திப் பார்த்தார். "மருதுவோட உடம்புக்கு அந்தப் பழைய எடைதான் இன்னும் சொந்தம். நடமாட்டமும் சாப்பாடும் பழையபடி ஆனதும் இறங்கிடுச்சு. அதுல நீரும் கொஞ்சம். உங்க உடம்புக்கு இந்த எடையே பழகிப்போச்சு ஏட்டு. குறைக்கப் பார்த்தா பஞ்சம் வந்துடுச்சுன்னு பயந்து பசியைக் கூட்டும், தன் செலவைச் சுருக்கும். குறையாதுன்னு சொல்லலை. மெதுவா, வருஷக்கணக்குல குறையும்."

"எனக்குப் பதினஞ்சு நாளுதான்யா இருக்கு."

டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டை இன்ஸ்பெக்டர் படித்துவிட்டு மடித்தார். "அவனுக்கு ஒரு உடம்பு, உமக்கு ஒரு உடம்பா? நீர் சொன்ன கணக்குதானேய்யா இது?"

கடைசி நாளில் மருது இருபது ராத்தல் குறைந்திருந்தான், ஏட்டு ஐந்து.

"அய்யா, ஏட்டையா ஒரு வாய் கூடுதலாத் திங்கலய்யா. கூடவே இருந்து பாத்தேன்" என்று மருது கெஞ்சினான். இன்ஸ்பெக்டர் வேலைநீக்க உத்தரவில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்.

பெல்ட்டையும் தொப்பியையும் ஒப்படைத்துவிட்டு ஏட்டு வீடு வந்தார். ஒரு வாரத்தில் வீட்டைக் காலி செய்ய வேண்டும் என்று மனைவி ராக்கம்மாளிடம் சொன்னார். அவள் உலை வைத்து, வட்டில் நிறையச் சோறு போட்டாள்.

"இனி யாருக்குப் பயப்படணும்? வயிறாரத் தின்னுங்க."

வேண்டாம் என்று சொல்லத்தான் நினைத்தார். கை கேட்கவில்லை. அழுதுகொண்டே ஒரு பருக்கை விடாமல் தின்றார். வட்டில் காலியான பிறகும் பசித்தது.