மாமா பாஸ் செய்த லேப்டாப்

குடும்பத்தில் யார் பழைய லேப்டாப் வாங்கினாலும் மாமா சோதிக்காமல் அது வீட்டுக்குள் நுழையாது. அப்படி நுழைந்தவை நெடுநாள் உழைத்ததுமில்லை.

இம்முறை அக்காள் மகளுக்கு. வேலைக்கு ரயிலில் போய்வரும் நேரத்தில்தான் அவளால் மொழிபெயர்ப்பு செய்ய முடியும்.

கடையில் மாமா வெள்ளைத் திரை வைத்துக் கரும்புள்ளி தேடினார். மூடியை ஆட்டிக் கீலைப் பார்த்தார். ஒவ்வொரு விசையையும் தட்டினார், எல்லா போர்ட்டிலும் பென்டிரைவைச் செருகினார்.

"சார் மாதிரி பார்க்கிற ஆளே கிடையாது" என்றார் கடைக்காரர்.

மாமா குளிர்ந்துபோனார். "பேட்டரியும் நூறு காட்டுது. எடுத்துக்கோம்மா."

அவள் சார்ஜரைப் பிடுங்கி, ஒரு வீடியோவை ஓடவிட்டாள். எண் மளமளவென்று சரிந்தது. அறுபதைத் தொட்டதும் திரை பட்டென்று அணைந்தது.

"சார்ஜர்லயே வெச்சுக்கங்க. வீட்ல இருக்கிற பொண்ணுதானே?" என்றார் கடைக்காரர்.

"நான் ரயில்ல போகும்போது வேலை பார்க்கிறவ. வயரைப் பிடிச்சுக்கிட்டு பின்னாலயே ஓடி வர்றீங்களா?"

கடைக்காரர் லேப்டாப்பை மூடினார்.

"பேட்டரியை நான் எப்பவும் கடைசியாத்தான் பார்ப்பேன். உனக்கு எல்லாத்துக்கும் அவசரம்" என்று முறைத்த மாமா, அடுத்த கடைக்கு அவளுக்கு முன்னால் நடந்தார்.